நட்ட வயலில் பாசி மிதக்கிறது, மயில்துத்தம் கட்டலாமா?

கோரையாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் குறுவை, ஏடிடி 43. நட்டு 12 நாள் ஆகிறது. போர் தண்ணீர்தான். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போட்டேன்.

இரண்டு மூன்று நாளாக வயலில் பாசி. காலையில் போய்ப் பார்த்தால் சேற்றின்மேல் கருநீலப் பச்சையில் ஒரு தோல் மாதிரி படிந்திருக்கிறது. வெயில் ஏற ஏற அது துண்டு துண்டாகப் பிய்ந்து, அடியில் சேறு ஒட்டியபடியே மேலே வந்து மிதக்கிறது. சாயங்காலம் பாதி திரும்பவும் இறங்கிவிடுகிறது. தென்கிழக்கு மூலையில் காற்று ஒதுக்கி வைத்ததில் கொஞ்சம் நாற்று அதன் அடியில் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

உரக்கடையில் மயில்துத்தம் கொடுத்து, துணியில் முடிந்து வாமடையில் கட்டு என்றார்கள். பக்கத்து வயல் பெரியவரோ, "அது தழைச்சத்து கொடுக்கிற பாசி, கையை வைக்காதே" என்கிறார். நாளை மறுநாள் யூரியா மேலுரம் போடுவதாக இருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

உரக்கடை முருகு

நானும் கடை வைத்திருக்கிறவன்தான், அதனால் சொல்கிறேன். பாசி என்று வந்தால் பத்தில் எட்டுப் பேர் மயில்துத்தம்தான் கேட்பார்கள், நாங்களும் கொடுப்போம். தண்ணீர் பாயும் வாயில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் வெளுத்துவிடும். ஆனால் நாற்று படுத்திருப்பது ஒரு மூலையில் மட்டும் என்றால் வயல் முழுக்க விட வேண்டியதில்லை. அந்த மூலையை மட்டும் கையால் வழித்துக் கரையில் போடுங்கள்.

செல்வி (இயற்கைவழி)

தயவுசெய்து மயில்துத்தம் கட்டிவிடாதீர்கள் அண்ணா. இது நீலப்பச்சைப்பாசி. காற்றில் இருக்கிற தழைச்சத்தை அப்படியே பிடித்து நெல்லுக்குக் கொடுக்கும். அதோடு பகல் முழுக்க ஆக்சிஜன் விடுவதால் வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். இந்தப் பாசி வந்த வயலுக்கு யூரியாவே தேவையில்லை. நாற்று படுத்த இடத்தில் குச்சியால் தள்ளிவிட்டால் போதும்.

நுண்ணோக்கி

கோரையாற்றங்கரை தம்பி, முதலில் அது எந்தப் பாசி என்று பார்த்துவிடுவோம். கருநீலப் பச்சை, சேற்றோடு சேர்ந்த தோல், மதியம் எழும்பிச் சாயங்காலம் இறங்குவது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் செல்வி சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஒரு துண்டை விரலிடையில் தேய்த்தால் வழவழவென்று சளி மாதிரி நழுவுகிறதா, அல்லது பஞ்சு நூல் மாதிரி நீளமாக இழுபடுகிறதா? நூலாக இழுபட்டு, பளிச்சென்ற புல் பச்சையாக இருந்தால் அது ஸ்பைரோகைரா மாதிரியான பச்சைப்பாசி. வலை போலக் கண்ணி கண்ணியாக விரிந்தால் அதுவும் பச்சைப்பாசி வகைதான். செடி மாதிரி கிளை விட்டு, நசுக்கினால் நெறுநெறுவென்று சொரசொரத்து, பூண்டு வாடை அடித்தால் காரா. இவை எதுவும் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்காது. வயலுக்கு நீங்கள் போட்ட உரத்தைத் தின்று வளர்கிறவை.

இன்னொரு சோதனை. ஒரு கைப்பிடி பாசியைக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, மூடி, ஓரிரு நாள் வெயில் படாத சூடான இடத்தில் விட்டுவிடுங்கள். செத்து அழுகும்போது தண்ணீரில் மை கரைந்த மாதிரி நீலம் இறங்கினால் அது நீலப்பச்சை வகை. அந்த நீல நிறமி பச்சைப்பாசியில் கிடையாது.

அப்புறம் யூரியாவைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கேள்வியில் முக்கியமான இடம் அதுதான். யூரியா போடுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

ஸ்பைருலினா மதுரை

நல்ல நேரத்தில் இழை போட்டீர்கள். நான் தொட்டியில் ஸ்பைருலினா வளர்த்து உலர்த்தி விற்கிறேன். அதுவும் நீலப்பச்சைப்பாசிதானே? அறுவடைக்குப் பிறகு தொட்டித் தண்ணீர் நிறைய வீணாகிறது. அதை நெல் வயலில் விட்டால் தழைச்சத்து ஏறுமா? டெல்டாவில் யாராவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் டேங்கரில் அனுப்பத் தயார்.

நுண்ணோக்கி

வேண்டாம் ஐயா. குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஸ்பைருலினா காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிற வகை இல்லை. அதனால்தான் நீங்கள் தொட்டியில் நைட்ரேட் உப்புப் போட்டு வளர்க்கிறீர்கள். அது பிழைப்பது சோடா உப்பு நிறைந்த, பி.எச் 10-ஐ ஒட்டிய தண்ணீரில். வயல் தண்ணீரில் நிற்காது. உங்கள் தொட்டித் தண்ணீரோடு போகிற சோடியம் மட்டும் மண்ணில் தங்கிவிடும். டெல்டாவின் கடைமடைப் பகுதியில் ஏற்கெனவே உவர் பிரச்சினை இருக்கிறது.

நீலப்பச்சைப்பாசி எல்லாமே தழைச்சத்து பிடிக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. வயலில் நிறையவே பார்க்கிற ஆசில்லடோரியா நீலப்பச்சைதான், வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் பகலில் திறந்த தண்ணீரில் அதை நம்பித் தழைச்சத்துக் கணக்குப் போட முடியாது. நாஸ்டாக், அனபீனா, ஆலோசைரா, டோலிப்போத்ரிக்ஸ் மாதிரியானவைதான் நமக்கு வேண்டியவை.

கல்லூரி மாணவன் தஞ்சை

ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் வகுப்பில், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டாலே கெட்டுப்போகும் என்று சொன்னார்கள். பாசியோ பகல் முழுக்க ஆக்சிஜன் விடுகிறது. அப்படியென்றால் ஒரே உயிர் இரண்டையும் எப்படிச் செய்கிறது?

நுண்ணோக்கி

இந்தப் பாசிகளை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான் தம்பி.

தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுகிற ஒளிச்சேர்க்கை முதலில் தோன்றியது, நாம் நீலப்பச்சைப்பாசி என்று சொல்கிற இந்த பாக்டீரியாக்களின் முன்னோர்களிடம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே அவற்றால்தான். பிற்காலத்தில் செடிகளுக்குப் பச்சையம் வந்த வழியும் இவைதான். நைட்ரஜனேஸ் அதற்கும் முந்தைய, ஆக்சிஜன் இல்லாத உலகத்து நொதி. காற்று மாறிய பிறகும் நொதி மாறவில்லை. அதனால் பாசி தன் உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அனபீனாவை 400 மடங்கு பெருக்கிப் பார்த்தால் பச்சை மணிகள் கோத்த இழை தெரியும். தண்ணீரில் தழைச்சத்து தீர்ந்துபோனால், ஏறத்தாழ பத்துப் பதினைந்து செல்லுக்கு ஒன்று வேறு மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் பெருத்து, வெளிறி, சுவர் தடித்து, பக்கத்துச் செல்லோடு ஒட்டும் இரண்டு முனையிலும் பளபளவென்று ஒரு புள்ளி வைத்திருக்கும். அதற்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். அந்தச் செல் தண்ணீரைப் பிளக்கும் வேலையை விட்டுவிடும். ஆக்சிஜன் உள்ளே உண்டாகாது, தடித்த சுவரைத் தாண்டி வெளியிலிருந்தும் அதிகம் நுழையாது. நைட்ரஜனேஸ் அங்கே உட்கார்ந்து வேலை செய்யும். பக்கத்துப் பச்சைச் செல்கள் சர்க்கரை அனுப்பும், இது பதிலுக்குத் தழைச்சத்தை குளூட்டமினாக அனுப்பும். ஒரு தடவை ஹெட்டிரோசிஸ்ட் ஆன செல் திரும்பப் பச்சை ஆகாது, பிரிந்து பெருகவும் செய்யாது.

எல்லாப் பாசியும் இந்த வழியில் போவதில்லை. சில ஒற்றைச் செல் வகைகள் பகலில் ஆக்சிஜன் விட்டு, இரவில் தழைச்சத்து பிடிக்கும்.

உங்கள் கல்லூரி நுண்ணோக்கியில் கோரையாற்றங்கரை வயல் பாசியை ஒரு துளி வைத்துப் பார்த்துச் சொல்லுங்களேன். மன்னார்குடி உங்களுக்குப் பக்கம்தானே.

கல்லூரி மாணவன் தஞ்சை

கண்டிப்பாக ஐயா. அண்ணனுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கோரையாற்றங்கரை

தம்பி, வா, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கையில் தேய்த்துப் பார்த்தேன், சளி மாதிரிதான் நழுவுகிறது. நூல் இல்லை. டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன்.

யூரியாவை ஏன் தள்ளிப்போடச் சொன்னீர்கள் ஐயா? பாசி போதும் என்கிறீர்களா?

செல்வி (இயற்கைவழி)

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்!

நுண்ணோக்கி

இல்லை செல்வி, போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏக்கருக்கு இரண்டு டன் நெல் எடுக்க வேண்டுமானால் பயிர் சுமார் 40 கிலோ தழைச்சத்தை உறிஞ்ச வேண்டும். பாசி நன்றாக வளர்ந்த வயலில் ஒரு போகத்தில் அது பிடிப்பது ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ. ஏக்கருக்குப் பத்துக் கிலோ என்று வையுங்கள். அந்தப் பத்துக் கிலோவும் பாசியின் உடம்பில் இருக்கிறது, நெல்லின் வேரில் இல்லை. பாசி உயிரோடு இருக்கும்போது கசிவது கொஞ்சம்தான். அது செத்து, சேற்றில் மக்கி, அமோனியமாக மாறிய பிறகுதான் வேர் எடுக்கும். அப்படி இந்தப் போகத்துக்கே வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். அதாவது மூன்று, மூன்றரைக் கிலோ. யூரியாவாகப் பார்த்தால் ஏழெட்டுக் கிலோ. மீதி மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகங்களுக்குப் போகும்.

அதனால் பாசியை மண்ணின் சேமிப்பில் விழுகிற வரவாகப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலிருந்து தழைச்சத்து உரமே போடாத பாத்திகள் இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் நெல் எடுத்தும் அந்த மண் இன்னும் வறண்டுபோகவில்லை, குறைந்த அளவில் விளைந்துகொண்டே இருக்கிறது. புன்செய் நிலம் அப்படித் தாங்காது. நின்ற தண்ணீரில் பாசியும் மற்ற பாக்டீரியாக்களும் போடுகிற வரவு அங்கே தெரிகிறது. ஆனால் "குறைந்த அளவில்" என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேருக்கு ஆக்சிஜன் என்பதும் பாதிதான் சரி. பாசி விடும் ஆக்சிஜன் வயல் தண்ணீரில் நிறையவே கரையும், ஆனால் சேற்றுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. நெல் தன் வேருக்கு வேண்டிய காற்றைத் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாகத் தானே கொண்டுபோகிறது.

வன்னி வயல்

வணக்கம், நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன கணக்கை நாங்கள் வயலிலேயே கண்டோம். 2021-இல் இங்கே இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது பெரும்போகத்துக்கு யூரியா இல்லை. எங்கள் வயலில் பாசிக்குக் குறைவில்லை, நாங்கள் அதைக் கலைக்கவும் இல்லை. ஆனாலும் பயிர் மஞ்சள் பத்தி, கதிர் சிறுத்து, விளைச்சல் நன்றாகக் குறைந்துபோனது. பல வருசமாக யூரியா குடித்த மண்ணும் பயிரும் ஒரு போகத்திலே மாறாது. செல்வி தங்கச்சி, உங்கள் விருப்பம் எனக்கு விளங்குது. ஆனால் இப்படி ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி ஆருக்கும் சொல்லாதேங்கோ.

பாசி பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டுற ஆராய்ச்சித் தொகுப்பை 1980-இல் எழுதின இரண்டு பேரில் ஒருவர் எங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து குலசூரிய. மற்றவர் பியர் ரோஜர்.

செல்வி (இயற்கைவழி)

அக்கா, நீங்கள் பட்டதைக் கேட்க மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அங்கே மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் திடீரென்று நிறுத்தியதுதானே பிரச்சினை. பசுந்தாள் உரம், தொழுவுரம், அசோலா எல்லாம் சேர்த்தால் பாசியோடு சேர்ந்து ஈடுகட்டும். நான் நான்கைந்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

வன்னி வயல்

அது சரி. அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். பாசி மட்டும் போதும் என்றதுக்குத்தான் சொன்னேன்.

நுண்ணோக்கி

இப்போது யூரியாவுக்கு வருகிறேன்.

தம்பி, உங்கள் வயலில் இந்தப் பாசி இப்போது எழும்பியிருப்பதே ஒரு செய்தி. டிஏபியில் வந்த தழைச்சத்து தண்ணீரிலிருந்து குறைந்துவிட்டது, மணிச்சத்து இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் பச்சைப்பாசியால் ஓட முடியாது, காற்றிலிருந்து எடுக்கத் தெரிந்தது முந்திக்கொள்கிறது. இப்போது நீங்கள் தேங்கிய தண்ணீரில் யூரியாவை விசிறினால் இரண்டு விஷயம் நடக்கும்.

ஒன்று, ஓரிரு நாளில் தண்ணீரில் அமோனியம் ஏறும். ஏறியதும் இந்தப் பாசி புதிதாக ஹெட்டிரோசிஸ்ட் போடுவதை நிறுத்திவிடும். இலவசமாகக் கரைந்து கிடைப்பதை விட்டுவிட்டுக் காற்றிலிருந்து பிடிக்க அதற்கு அவசியமில்லை. பச்சைப்பாசியும் கூடவே எழும்பும்.

இரண்டாவதுதான் பணம். பாசி பகலில் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச் ஏறும். காலையில் ஏழரை இருக்கும் தண்ணீர், பாசி அடர்ந்த வயலில் மதியம் ஒன்பதைத் தாண்டிவிடும். பி.எச் 9.2 வாக்கில் அமோனியத்தில் பாதி அமோனியா வாயுவாக நிற்கும், சூடான தண்ணீரில் அதற்கு முன்பே. மதியக் காற்றும் சேர்ந்தால் அது போய்விடும். இந்த மாதிரி வயலில் விசிறிய யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம், பாதி வரை போன அளவீடுகளும் உண்டு.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. மூன்றில் ஒன்று போனால் ஆறேழு கிலோ. பாசி இந்தப் போகத்துக்குக் கொடுப்பதே மூன்றரைக் கிலோ என்று பார்த்தோம். அதைப் போல இரண்டு பங்கை ஒரே மத்தியானத்து விசிறலில் தொலைக்கலாம்.

உரக்கடை முருகு

இப்போது வருவதெல்லாம் வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே ஐயா. அது ஆவியாகாது என்றுதானே சொல்கிறார்கள்?

நுண்ணோக்கி

முருகு, வேப்பெண்ணெய் முக்கியமாகத் தடுப்பது அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. யூரியா அமோனியமாக உடைவதையும், அது மதியத் தண்ணீரில் ஆவியாவதையும் அது நிறுத்திவிடாது. அதைத் தடுக்க ஒரே நிச்சயமான வழி, யூரியாவைத் தண்ணீரில் நிற்கவிடாமல் சேற்றுக்குள் அனுப்புவது.

கோரையாற்றங்கரை

தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்கிறீர்களா? என் வயலில் வடித்தால் பக்கத்து வயலுக்குத்தான் போகும்.

நுண்ணோக்கி

வடிக்க வேண்டாம். ஒன்றிரண்டு நாள் மோட்டாரை நிறுத்துங்கள், தானாகச் சுண்டும். சேறு கால் வைத்தால் பதிகிற பதத்தில், வெயில் தாழ்ந்த பிறகு யூரியாவைப் போட்டு, கோனோவீடர் ஓட்டி அல்லது களையெடுக்கும்போது மிதித்துச் சேற்றில் கலந்துவிடுங்கள். அடுத்த நாள் மெல்லிசாகத் தண்ணீர் கட்டுங்கள். பாசித் தோலும் அதே மிதியில் சேற்றுக்குள் போகும். அது நல்லது, மக்கத் தொடங்கும். மிச்சம் இருக்கிற துண்டுகளிலிருந்து திரும்ப வளரும்.

எவ்வளவு போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருந்தால் 14-ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள். ஏடிடி 43-க்கு நிறம் நாலுக்குக் கீழே இருந்தால்தான் போட வேண்டும்.

நீடாமங்கலம் குமார்

இவ்வளவு நல்லது என்றால் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? போன கோடையில் நீலப்பச்சைப்பாசிப் பொட்டலம் வாங்கி, ஏக்கருக்கு நாலு கிலோ வீதம், நட்ட பத்தாம் நாள் தூவினேன். தண்ணீரும் விரலளவுதான் வைத்திருந்தேன். முதல் வாரம் தரையில் கொஞ்சம் பச்சை தெரிந்தது. அப்புறம் சுத்தமாகக் காணோம். வயல் தண்ணீரில் கடுகை விடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் ஏதோ பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பொட்டலமே போலி என்று நினைத்தேன்.

நுண்ணோக்கி

பொட்டலம் நல்லதாகவே இருந்திருக்கலாம். துள்ளியவை ஆஸ்ட்ரகாட் எனப்படும் ஓட்டுப் பூச்சிகள். சிப்பி மாதிரி இரண்டு ஓட்டுக்குள் ஒரு சின்ன உடம்பு. அவையும் நத்தையும் கொசுப்புழுவும் சேர்ந்து இளம் பாசியை மேய்ந்துவிடும். முக்கியமாக, மெல்லிய இழையாக இருக்கிற அனபீனா வகைகளைத்தான் முதலில் காலி செய்யும். கெட்டியான சளிக்குள் இருக்கிற நாஸ்டாக் ஓரளவு தப்பிக்கும். சர்வதேச நெல் நிலையத்தில் வேப்பங்கொட்டை போட்டு இந்தப் பூச்சிகளை அடக்கியபோது பாசி எழும்பியதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பொட்டலத்தைப் பற்றியே ஆராய்ச்சியாளர்களிடம் ஒத்த கருத்து கிடையாது. வங்காளத்து நெல் மண்ணில் தழைச்சத்தைப் பிடிப்பது இந்தப் பாசிதான் என்று 1939-இல் பி.கே. டே எழுதினார். ஜப்பானில் வாத்தனபே டோலிப்போத்ரிக்ஸை வளர்த்து வயலில் தூவினார். பனாரஸில் ஆர்.என். சிங் ஆலோசைராவைப் பார்த்தார். டெல்லியில் வெங்கட்ராமன் அதை விவசாயி தானே தொட்டியில் வளர்க்கும் முறையாக்கினார். நம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருக்கும் ஹெக்டேருக்குப் பத்துக் கிலோ என்பது அந்த வழியில் வந்ததுதான். பின்னால் ரோஜர் பல நாட்டு நெல் மண்ணை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, ஹெட்டிரோசிஸ்ட் வகைப் பாசி பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருந்தது, பொட்டலத்தில் போய்ச் சேர்வதை விட அதிகமாகவே. தூவிய பாசி புது வயலில் நிலைப்பதும் அரிது. தூவியதால் விளைச்சல் கூடிய பரிசோதனைகளும் இருக்கின்றன, கூடாதவையும் இருக்கின்றன. என் எண்ணம், ஏற்கெனவே இருப்பதை வளரவிடுவதுதான் முதல் வேலை. பொட்டலம் அதற்குப் பிறகு.

செல்வி (இயற்கைவழி)

இதில் நான் உடன்படவில்லை ஐயா. எங்கள் வயல் மண்ணைத் தொட்டியில் போட்டு, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் சேர்த்து, தண்ணீர் கட்டி, தாய்ப்பாசி தூவி வளர்த்துக் காயவைத்து, வெடித்துச் சுருண்ட செதில்களைத்தான் நான் போடுகிறேன். ஒவ்வொரு கோடையிலும் நன்றாக எழும்புகிறது. நிலைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

நுண்ணோக்கி

உங்கள் மண்ணில் உங்கள் பாசி, அதனால் நிலைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எழும்பியது நீங்கள் தூவியதா, மண்ணில் இருந்ததா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு பாத்தி ஒதுக்கி, ஒன்றில் தூவாமல் விட்டுப் பாருங்கள். மற்ற எல்லாம் ஒரே மாதிரி. அறுத்து எடை போட்டு இங்கே எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன்.

செல்வி (இயற்கைவழி)

சரி, வரும் கோடையில் செய்கிறேன். ஒதுக்குவது கடினமில்லை.

கல்லூரி மாணவன் தஞ்சை

அண்ணன் வயலுக்குப் போய்விட்டு வந்தேன். பி.எச் தாளும் கொண்டுபோனேன். காலை ஏழு மணிக்கு 7.5 நிறம் காட்டியது, மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 9-ஐ ஒட்டி. தோல் எழும்பிய துண்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. விரலால் தட்டியதும் குமிழி கலைந்து துண்டு முழுகிவிட்டது.

ஆய்வகத்தில் பார்த்தேன். இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று மணி கோத்த இழை, நடுநடுவே வெளிறிய செல், முனையில் பளபளப் புள்ளி, நீங்கள் சொன்ன மாதிரியே! இன்னொன்று நாணயம் அடுக்கிய மாதிரி, வெளிறிய செல்லே இல்லாமல், மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது ஆசில்லடோரியாவா ஐயா?

நுண்ணோக்கி

அதுவேதான், நகர்வதே அடையாளம். முதல் இழை, செல்கள் சுருண்டு சளிக்குள் இருந்தால் நாஸ்டாக், நேராகத் தனித்து இருந்தால் அனபீனா. நல்ல வேலை தம்பி. யூரியா போட்ட ஒரு வாரம் கழித்து இன்னொரு துளி எடுத்து, நூறு செல்லுக்கு எத்தனை வெளிறிய செல் என்று எண்ணி, இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோரையாற்றங்கரை

டம்ளரில் நீலம் இறங்கிவிட்டது, நன்றாகவே தெரிகிறது. மயில்துத்தம் கட்டவில்லை. மூலையில் வழித்தெடுத்ததைக் கரையில் போடுவதா, வயலிலேயே மிதிப்பதா?

உரக்கடை முருகு

கரையில் போடச் சொன்னது நான்தான், ஆனால் அங்கே அது காய்ந்து காற்றில் போய்விடும். நாற்று இல்லாத இடைவெளியில் மிதித்துவிடுங்கள். மயில்துத்தத்தைப் பற்றி நானும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அது நல்ல பாசி, கெட்ட பாசி என்று பார்க்காது. நத்தை, மீன் குஞ்சு எல்லாம் போகும். இனி கடையில் கேட்பவர்களிடம் முதலில் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். பச்சை நூல்பாசி வயலை மூடிவிட்டால் அப்போது வேறு பேச்சு.

நீடாமங்கலம் குமார்

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் இப்போது காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் விடுகிறேன். சேறு மயிர்க்கோடு விடும் வரை காயவிட்டால் பாசி செத்துவிடாதா? தண்ணீரையும் மிச்சம் பிடித்து, பாசியையும் வைத்துக்கொள்ள முடியுமா?

நுண்ணோக்கி

சாகாது. காய்ந்து செதிலாகக் கிடக்கும், நாஸ்டாக் எல்லாம் தண்ணீர் பட்டதும் பழையபடி ஊறி எழும். ஆனால் காய்ந்திருக்கும் நாட்களில் வேலை நடக்காது. போகத்தில் அதற்குக் கிடைப்பதே நட்டதிலிருந்து பயிர் மூடும் வரை உள்ள சில வாரங்கள்தான், பிறகு நிழல் விழுந்துவிடும். அந்த வாரங்களில் பாதி காய்ச்சலில் போனால் வரவும் குறையும். மறுபக்கம், காய்ச்சலில் ஓட்டுப் பூச்சிகளும் அடங்கும், உங்கள் வயலில் அதுதான் தொல்லை. எது முந்தும் என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. நட்டு மூன்று வாரம் வரை மெல்லிய தண்ணீர், அதன் பிறகு காய்ச்சல் என்று ஒரு பாத்தியில் மட்டும் முயன்று பார்க்கலாம்.

வன்னி வயல்

குமார் தம்பி, செய்து பார்த்தால் எங்களுக்கும் எழுதுங்கோ. இங்கே குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், எங்கள் வயல் கேட்காமலே காய்ச்சலும் பாய்ச்சலும்தான்.

கோரையாற்றங்கரை

மோட்டாரை நிறுத்திவிட்டேன். சேறு பதம் வந்ததும் சாயங்காலமாக யூரியா போட்டுக் கோனோவீடர் ஓட்டுகிறேன். அட்டை கிடைக்கவில்லை, வேளாண் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.